தட்டைக் கோடும் அதன் கீழுள்ள எண்ணும்

காது சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில் ஒரு குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனால், திரும்பும்போது கையில் இருக்கும் தாள்களில் ஒன்று டிம்பனோகிராம். அதில் இரண்டு சிறிய கட்டங்கள் இருக்கும். வலது காதின் கோடு சிவப்பிலும் இடது காதின் கோடு நீலத்திலும் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று நான்கு எண்கள், ஓரத்தில் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று ஓர் எழுத்து. பெற்றோரின் கண் நேராக அந்த எழுத்துக்குப் போகும். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை பார்த்த பழக்கம் வேறு என்ன செய்யும்? நாளைக்கு அறுபது நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரின் கண்ணும் சில நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது. அது போதாது, குறிப்பாகக் கோடு தட்டையாக வரும்போது போதவே போதாது. தட்டைக் கோடு மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்லக்கூடியது. எந்தச் செய்தி என்பதைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் எண்களில் ஒன்று.

அந்த எண்ணுக்கு வருவதற்கு முன், கருவி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். காதுத் துவாரத்தில் மென்மையான ரப்பர் நுனி கொண்ட ஒரு புரோபை வைத்து, காற்று கசியாமல் அடைக்கிறார் ஆடியாலஜிஸ்ட். புரோபுக்குள் மூன்று நுண்ணிய துளைகள் உண்டு. ஒன்றின் வழியே 226 ஹெர்ட்ஸ் அளவுள்ள தாழ்ந்த ரீங்காரம் போகிறது. இன்னொன்றில் இருக்கும் மைக், குழாய்க்குள் அந்த ஒலி எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கிறது. மூன்றாவது துளை ஒரு பம்புடன் இணைந்தது. அது குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வழக்கமாக வெளிக் காற்றைவிட 200 டெக்காபாஸ்கல் அதிகமாகத் தொடங்கி, சுழியத்தைக் கடந்து, 300 அல்லது 400 குறைவாக ஆகும்வரை இறக்குவார்கள். 200 டெக்காபாஸ்கல் என்பது சுமார் 20 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் 2 சதவீதம்தான். வலிக்காது, காது லேசாக அடைத்துத் திறப்பதுபோல் இருக்கும். சில விநாடிகளில் முடிந்துவிடும். குழந்தை கையைத் தூக்க வேண்டியதில்லை, ‘கேட்குது’ என்று சொல்ல வேண்டியதில்லை. அழாமல், விழுங்காமல், பேசாமல் இருந்தால் போதும்.

செவிப்பறை நன்றாக அசையக்கூடியதாக இருந்தால் ஒலியின் ஒரு பகுதியை அது உள்ளே வாங்கிக்கொள்ளும். இறுகியிருந்தால் ஒலி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். இந்த வேறுபாட்டைத்தான் கருவி நெகிழ்வு என்று கணக்கிட்டுக் கோடாக வரைகிறது. அழுத்தம் 200 கூடுதலாக இருக்கும்போது செவிப்பறை உள்நோக்கித் தள்ளப்பட்டு விறைத்திருக்கிறது. ஒலி உள்ளே போவதில்லை, கோடு தாழ்ந்திருக்கிறது. அழுத்தம் குறையக் குறைய விறைப்பு தளர்கிறது, கோடு ஏறுகிறது. செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும் புள்ளியில் அது மிகச் சுதந்திரமாக அசைகிறது. அங்கே கோடு உச்சியைத் தொடுகிறது. அழுத்தம் மேலும் குறைந்தால் செவிப்பறை வெளிப்பக்கம் இழுக்கப்பட்டு மறுபடி விறைக்கிறது, கோடு இறங்குகிறது. ஆரோக்கியமான காதில் இதனால்தான் கூடாரம் போன்ற வடிவம் கிடைக்கிறது. உச்சி எந்த அழுத்தத்தில் நிற்கிறதோ, நடுக்காதுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதுதான். ஊசி குத்தாமல், செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்றை அளந்துவிடுகிறோம்.

இந்த முறை பிறந்ததே அந்த அழுத்தத்தை அளப்பதற்காகத்தான். கோபன்ஹேகனில் ஓட்டோ மெட்ஸ் 1946இல் காதின் ஒலித்தடையை நோயாளிகளிடம் அளந்து காட்டினார். அதே டென்மார்க்கில் 1959இல் டெர்கில்ட்சன், தாம்சன் இருவரும், குழாய்க்குள் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே ஒலித்தடையை அளந்தால் நடுக்காதின் அழுத்தம் தெரிந்துவிடும் என்று எழுதினார்கள். இன்று எல்லோரும் சொல்லும் ஏ, பி, சி எழுத்துகள் அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு வந்தவை. அமெரிக்க ஆடியாலஜிஸ்ட் ஜேம்ஸ் ஜெர்கர் 1970இல் வெளியிட்ட கட்டுரை அவற்றை நிலைநிறுத்தியது. உச்சி சுழியத்தை ஒட்டி இருந்தால் ‘ஏ’, உச்சியே இல்லாமல் தட்டையாக இருந்தால் ‘பி’, உச்சி குறையழுத்தப் பக்கம் தள்ளிப் போயிருந்தால் ‘சி’. பொதுவாக, உச்சி 50 கூடுதலுக்கும் 100 குறைவுக்கும் இடையில் இருந்தால் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லைகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். மூன்று எழுத்தில் அடங்கும் இந்த எளிமையால்தான் பரிசோதனை உலகம் முழுக்கப் பரவியது. அதே எளிமைதான் தட்டைக் கோட்டில் காலை வாருகிறது.

இப்போது அந்த எண். சோதனை தொடங்கும் புள்ளியில், 200 கூடுதல் அழுத்தத்தில், செவிப்பறை ஏறத்தாழ சுவர்போல் நிற்கிறது என்று சொன்னேன். அப்போது மைக் அளப்பது செவிப்பறையை அல்ல, புரோபுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட காற்றை. அந்தக் காற்றின் கொள்ளளவைக் கருவி மில்லிலிட்டரில் சொல்லிவிடும். திரையில் ECV என்ற பெயரில் வருவது இதுதான். பள்ளி வயதுக் குழந்தைக்கு இது சுமார் 0.4 முதல் 1 மில்லிலிட்டர் வரை இருக்கும், பெரியவர்களுக்கு 0.6 முதல் 1.5 வரை, சிலருக்குச் சற்றுக் கூடும். உச்சியின் உயரத்தைக் கணக்கிடக் கழிக்க வேண்டிய ஒரு துணை எண்ணாகவே பலர் இதைப் பார்க்கிறார்கள். தட்டைக் கோடு வந்துவிட்டால் இதுதான் முதன்மை எண்.

தட்டைக் கோட்டுடன் கொள்ளளவு இயல்பாக, உதாரணமாக 0.7 என்று இருந்தால், குழாய் திறந்திருக்கிறது, செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கிறது, ஆனால் அசையவில்லை என்று பொருள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. வெறும் குடத்தைத் தட்டுவதற்கும் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. காற்று அமுங்கிக்கொடுக்கும், நீர் கொடுக்காது. பம்ப் அழுத்தத்தை எங்கே நகர்த்தினாலும் செவிப்பறை தளர்வதற்கு வழியில்லை, அதனால் உச்சி இல்லை.

கொள்ளளவு 0.2 என்று வந்தால் கதையே வேறு. புரோபின் நுனி குழாயின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது குறும்பி குழாயை முழுக்க அடைத்திருக்கிறது. நடுக்காதைப் பற்றி இந்தக் கோடு ஒன்றுமே சொல்லவில்லை. புரோபை எடுத்து, காது மடலைப் பின்னால் மேலாக இழுத்துக் குழாயை நேராக்கி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். குறும்பி பாதிதான் அடைத்திருந்தால் சோதனை கெடாது. ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அழுத்தமும் ஒலியும் உள்ளே போய்விடும். முழு அடைப்புதான் ஏமாற்றும்.

கொள்ளளவு 3 மில்லிலிட்டர் என்று வந்தால், ஒரு குழந்தையின் காதுக்குழாயில் அவ்வளவு இடம் கிடையாது. கருவி செவிப்பறையோடு நிற்காமல் அதற்கு அப்பாலும் அளந்திருக்கிறது. நடுக்காதும், காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பின் காற்றறைகளும் சேர்ந்து ஒரே அறையாகிவிட்டன. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, அல்லது மருத்துவர் வைத்த கிரோமெட் குழாய் திறந்திருக்கிறது. ஓட்டை வழியே இரு பக்கமும் அழுத்தம் எப்போதும் சமம் என்பதால் உச்சி உருவாக இடமில்லை.

மூன்றும் ‘பி’ வகைதான். ஒன்றில் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும், ஒன்றில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், ஒன்றில், கிரோமெட் வைத்த காதாக இருந்தால், சிகிச்சை சரியாக வேலை செய்கிறது என்று நிம்மதியடையலாம். ஓரத்தில் இருக்கும் எழுத்து இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இது நடைமுறையில் எப்படி விரியும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எண்கள் நான் அமைத்தவை, ஆனால் எந்தக் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் வாரம்தோறும் பார்க்கக்கூடிய வகையைச் சேர்ந்தவை. ஆறு வயதுச் சிறுமி. டிவியை அலறவிடுகிறாள், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள். “காது வலின்னு ஒரு நாளும் சொன்னதில்லை டாக்டர், சீழும் வரலை” என்கிறார் தாய். நடுக்காது நீருக்கு இதுதான் இலக்கணம். வலியும் காய்ச்சலும் இல்லாமல் வருவதால்தான் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது. வலது காதில் கோடு தட்டை, கொள்ளளவு 0.7. ஆடியாலஜிஸ்ட் புரோபைக் கழற்றி மறுபடி வைக்கிறார். அதே கோடு, அதே 0.7. இடது காதில் உச்சி இருக்கிறது, ஆனால் 210 குறையழுத்தத்தில், ‘சி’ வகையாக. ஆடியோகிராமில் வலது காது 30 டெசிபல் குறைவு, இடது ஏறத்தாழ இயல்பு.

வலது காதில் நீர், இடது காதில் குறையழுத்தம். இடது காதுக்கு என்ன ஆயிற்று? நடுக்காதின் உட்தோல் அங்கிருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மூக்கின் பின்பகுதியிலிருந்து வரும் யூஸ்டேசியன் குழாய் திறந்து அந்த இழப்பை ஈடு செய்யும். சளியிலோ அடினாய்டு வீக்கத்திலோ அந்தக் குழாய் திறக்காமல் போனால் உள்ளே அழுத்தம் குறையும், செவிப்பறை உள்ளே இழுபடும், உச்சி இடப்பக்கம் நகரும். அது நீடித்தால் உட்தோலிலிருந்து நீர் கசிந்து சேரக்கூடும். சளி குறைந்தால் தானாக மேலேறியும் விடும். ‘சி’ வகை ஒரு நாளின் நிலவரம் மட்டுமே. குழந்தை மூக்கை உறிஞ்சினாலே உள்ளழுத்தம் இறங்கும், விழுங்கினால் ஏறும். பம்ப் அழுத்தத்தை இறக்கும் திசையும் வேகமும் உச்சியை உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே 210 என்ற ஒற்றை எண்ணை வைத்து இடது காதுக்கு ஒன்றும் செய்வதில்லை. அழுத்தத்தை அளக்கவே பிறந்த சோதனையில், அழுத்த எண்தான் இன்று குறைந்த எடை பெறுகிறது.

மருந்து எதுவும் எழுதாமல் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார் மருத்துவர். பெற்றோருக்கு இது அலட்சியமாகத் தோன்றும், ஆனால் நடைமுறை அதுதான். குழந்தைகளின் நடுக்காது நீர் பெரும்பாலும் சில மாதங்களில் தானே வடிந்துவிடும். ஆன்டிபயாட்டிக்கோ, ஒவ்வாமை மாத்திரையோ அதற்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மூன்று மாதம் கழித்து, வலது தட்டை, 0.7, இப்போது இடதும் தட்டை, 0.8. இரு காதிலும் 30 டெசிபலுக்கு மேல் குறைவு. வகுப்பில் ஆசிரியர் பேசுவது பின்வரிசைக்குப் போய்ச் சேராத நிலை. கிரோமெட் வைப்பது என்று முடிவாகிறது. மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, நீரை உறிஞ்சி எடுத்து, நடுவில் ஓட்டையுள்ள பாசிமணி போன்ற ஒரு குழாயைச் செருகுகிறார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த தாளைப் பார்த்துத் தாய் திடுக்கிடுகிறார். இரண்டு கோடும் தட்டை, இரண்டிலும் ‘பி’. ஆபரேஷன் பலிக்கவில்லையா? கீழே பார்த்தால் வலது 2.8, இடது 3.4. குழாய்கள் திறந்திருக்கின்றன, நடுக்காதுக்குள் காற்று போய்வருகிறது. இரு காதும் நன்றாகக் கேட்கின்றன. இந்த நிலையில் கருவி சில நேரம் அழுத்தத்தைப் பிடித்துவைக்க முடியாமல் ‘கசிவு’ என்று சொல்லி நின்றுவிடும், காரணம் அழுத்தம் கிரோமெட் வழியே புகுந்து யூஸ்டேசியன் குழாய் வழியாக மூக்குக்குப் போய்விடுகிறது. அதுவும் நல்ல செய்திதான். காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தால் மட்டும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டும்.

இன்னும் எட்டு மாதம் கழித்து வலதில் கூடாரம் வந்திருக்கிறது, உச்சி 40 குறைவில், கொள்ளளவு 0.8. கிரோமெட் தானே வெளியே தள்ளப்பட்டு, ஓட்டை மூடி, செவிப்பறை அசைகிறது. இடதில் தட்டை, ஆனால் கொள்ளளவு 3.4இலிருந்து 0.8க்கு இறங்கியிருக்கிறது. இங்கே எண்ணும் முழுப் பதில் தராது. கிரோமெட் இருந்த இடத்திலேயே உலர்ந்த சளியால் அடைபட்டிருக்கலாம். அல்லது விழுந்து, ஓட்டை மூடி, நீர் மறுபடி சேர்ந்திருக்கலாம். ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த எண் ஏமாற்றும் சூழல்களும் உண்டு. நாள்பட்ட காது நோயில் செவிப்பறை ஓட்டையாக இருந்தும் கொள்ளளவு பெரிதாக வராமல் போகலாம். நடுக்காது சதை வளர்ச்சியால் நிறைந்து, மாஸ்டாய்டு அறைகளும் அடைபட்டிருந்தால், ஓட்டைக்கு அப்பால் அளப்பதற்குக் காற்றே இருக்காது. இன்னொன்று கருவியையே சார்ந்தது. 226 என்ற விசித்திரமான ஹெர்ட்ஸ் எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கடல் மட்டத்தில் 1 மில்லிலிட்டர் காற்று அந்த ஒலிக்குச் சரியாக 1 அலகு நெகிழ்வு காட்டும், கணக்கு எளிது. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து அதே காற்று அதிகமாக நெகிழும். சென்னையில் சரிபார்த்த கருவியை அப்படியே ஊட்டிக்கு எடுத்துப் போனால், 2 மில்லிலிட்டர் சோதனைக் கலத்தை அது சுமார் 2.6 என்று சொல்லும். காலையில் முதல் நோயாளிக்கு முன் அந்தக் கலத்தில் புரோபைச் செருகிப் பார்ப்பது சடங்கு அல்ல.

கோடு முழுத் தட்டையாக இல்லாமல், தாழ்ந்த, அகலமான மேடுபோல வரும் காதுகளும் உண்டு. நீர் பாதி நிறைந்து மேலே கொஞ்சம் காற்று மிஞ்சியிருக்கும்போது இப்படி ஆகலாம். உச்சியின் பாதி உயரத்தில் மேட்டின் அகலத்தை அளந்து, அது 200 அல்லது 250 டெக்காபாஸ்கலைத் தாண்டினால் நீர் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். மூன்று எழுத்துக்குள் அடங்காத இந்தக் காதுகளை ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதிவைப்பதைவிட, அகலத்தை எண்ணாக எழுதுவது நேர்மையானது.

பெரியவர்களில் ஒரு காதில் மட்டும் தட்டைக் கோடு, இயல்பான கொள்ளளவு, சளி பிடித்த வரலாறும் இல்லை என்றால், காதோடு நிறுத்தக் கூடாது. யூஸ்டேசியன் குழாயின் மறுமுனை திறக்கும் மூக்கின் பின்பகுதியை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தாக வேண்டும். அங்கே வளரும் புற்றுநோய் சில நேரம் முதலில் தெரிவிப்பது காதின் நீராகத்தான். இதைத் தவறவிட்டால் ஏற்படும் இழப்பு, மற்ற தவறுகள் எல்லாவற்றையும்விடப் பெரிது.

உச்சி சரியான இடத்தில் இருந்து, உயரம் மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ‘ஏஎஸ்’, ‘ஏடி’ என்று எழுதுவார்கள். தாழ்ந்த உச்சி அங்கவடி எலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸைக் குறிக்கும் என்றும், மிக உயர்ந்த உச்சி நடுக்காது எலும்புத்தொடர் அறுந்ததைக் குறிக்கும் என்றும் பாடப்புத்தகம் சொல்லும். பாதி உண்மை. இறுகிய அங்கவடி உள்ள காதுகள் பலவற்றில் கோடு முற்றிலும் இயல்பாகவே வருகிறது. ஒலி முதலில் சந்திப்பது செவிப்பறையை என்பதால், அதன் நிலை பின்னால் இருப்பதை மறைத்துவிடும். பழைய ஓட்டை ஆறி மெல்லிய தோலாக மூடிய செவிப்பறை, காது நன்றாகக் கேட்டாலும் வானுயர உச்சி காட்டும். அதே கோடு 50, 60 டெசிபல் கேள்விக் குறைவோடு சேர்ந்து வந்தால்தான் அறுந்த எலும்பை நினைக்க வேண்டும். இவ்விரண்டு எழுத்துகளையும் ஆடியோகிராம் இல்லாமல் படிப்பதில் பயன் இல்லை.

கடைசியாக, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை. பெரிய குழந்தைகளிடம் நம்பகமான 226 ஹெர்ட்ஸ் ஒலி இங்கே பொய் சொல்லும், அதுவும் ஆபத்தான பக்கம். பச்சிளம் குழந்தையின் காதுக்குழாய்ச் சுவர் இன்னும் எலும்பாகவில்லை, மெத்தென்று இருக்கிறது. அழுத்தம் மாறும்போது சுவரே அசைகிறது. நடுக்காதும் பெரியவர்களின் காதைப்போல் நடந்துகொள்வதில்லை. ஆகவே நடுக்காது முழுக்க நீர் இருந்தும் திரையில் அழகான கூடாரம் தோன்றி, கருவி ‘ஏ’ என்று எழுதிவிடலாம். இந்த வயதில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைத்தான் பயன்படுத்த வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கான கேள்வித் திரையிடலில் தேறாத குழந்தைக்கு டிம்பனோகிராம் எடுத்து, அது இயல்பு என்று தாளைக் கொடுத்தால், பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை ஹெர்ட்ஸில் எடுத்தீர்கள்? பதில் பெரும்பாலும் தாளிலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.